இ ஆன்டிஜென் நெகட்டிவ், ஆனால் டிஎன்ஏ ஏறுகிறது: அண்ணனின் ஹெபடைட்டிஸ் பி அனுபவம்

வைகைக்கரை:
அண்ணன் ரத்த தானம் கொடுத்தபோதுதான், வைரஸ் உடம்பில் இருப்பதைக் காட்டும் எஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்பதே தெரிந்தது. டாக்டர் அடுத்து எழுதிக் கொடுத்த டெஸ்ட் கோர் ஐஜிஎம். அது நெகட்டிவ். "புதுசா தொத்தினது மாதிரி இல்ல, சின்ன வயசுலயே வந்திருக்கலாம்" என்றார். ஆறு மாதம் கழித்தும் எஸ் ஆன்டிஜென் போகாததால் நாள்பட்டது என்று உறுதியானது. அப்போது இ ஆன்டிஜென் நெகட்டிவ், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 26, ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் டிஎன்ஏ 700. மருந்து வேண்டாம், ஆனால் விடாமல் செக்கப்புக்கு வர வேண்டும் என்றார். வீட்டில் எல்லோரும் அந்த 'நெகட்டிவ்' ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் போவதை நிறுத்திவிட்டார். இப்போது எஸ்ஜிபிடி 110, டிஎன்ஏ 60,000. இ இன்னமும் நெகட்டிவ்தான். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செம்பருத்தி:
இ நெகட்டிவ் என்றால் வைரஸ் பெருகவில்லை என்றுதானே அர்த்தம்? என் மாமாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள், பல வருஷமாக நன்றாக இருக்கிறார். வேறு லேபில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

லேப்காரர்:
மாமாவுக்கு அது சரி, அண்ணனுக்குப் பொருந்தாது. வைரஸ் நன்றாகப் பெருகும்போது இ ஆன்டிஜென் ரத்தத்தில் தெரியும். உடம்பு அதை அடக்கியதும் மறையும். ஆனால் சிலரிடம் வைரஸின் மரபணு மாறி, இ புரதத்தைச் செய்யும் திறனை மட்டும் இழந்துவிடும். பெருகுவது நிற்காது. நம் நாட்டில் பரவலாக உள்ள டி வகை வைரஸில் இதை நிறையப் பார்க்கிறோம். அந்த நிலையில் இ ரிப்போர்ட் எதையும் காட்டாது, டிஎன்ஏவும் எஸ்ஜிபிடியும்தான் காட்டும். டிஎன்ஏ 2,000க்குக் கீழே, எஸ்ஜிபிடி நார்மல், இரண்டும் ஒரு வருஷமாவது திரும்பத் திரும்ப அப்படியே இருந்தால்தான் அடங்கிய நிலை என்பார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இப்படி மாறிய வைரஸ் உள்ளவர்களுக்கு இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு லேபுக்கு அலைந்து நாளைக் கடத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

நித்யா:
எனக்கு எஸ் ஆன்டிபாடி 140 வந்திருக்கிறது. எனக்கும் வைரஸ் இருக்கிறதா? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

லேப்காரர்:
அது ஆன்டிபாடி அம்மா, ஆன்டிஜென் இல்லை. 10க்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு. கோர் ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் அது தடுப்பூசி கொடுத்தது. பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொத்தி, தானாக ஆறியது.

மலையடிவாரம்:
எனக்குக் கோர் மட்டும் பாசிட்டிவ், எஸ் ஆன்டிஜென், எஸ் ஆன்டிபாடி இரண்டுமே நெகட்டிவ். மூட்டுவாதத்துக்கு ரிடுக்ஸிமாப் போடப் போகிறார்கள்.

லேப்காரர்:
அந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து, ஈரலில் ஒளிந்திருக்கும் வைரஸ் அதனால் மறுபடி கிளம்பலாம். பெரும்பாலும் முன்கூட்டியே வைரஸை அடக்கும் மாத்திரை ஆரம்பிப்பார்கள். சில நேரம் கோர் டெஸ்டே பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். உங்களுடையது எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

வைகைக்கரை:
இன்று போய் வந்தோம். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தினம் ஒன்று, நாமாக நிறுத்தவே கூடாது என்றார். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் எழுதியிருக்கிறார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் நாளை ரத்தம் எடுக்கிறோம்.