பிரேக்அவுட்டுக்குத் தமிழ்: உடைப்பா, தாண்டலா, மறுகாலா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். பங்கு வர்த்தகச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலையோடு சொற்பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். விலை ஏறும்போது முட்டித் திரும்பும் ரெசிஸ்டன்ஸுக்குத் 'தடைநிலை' என்று முன்பே முடிவாகிவிட்டது. விலை அதைத் தாண்டும் பிரேக்அவுட்டும், தாண்டியும் நிற்காத ஃபால்ஸ் பிரேக்அவுட்டும்தான் பாக்கி. வால்யூமுக்கு எனக்கு முன்னால் செய்தவர் 'கன அளவு' என்று போட்டிருக்கிறார். ஓரிடத்தில் 'ஒலியளவு' என்றே இருக்கிறது! அறிவிப்பு வரியில் 24 குறியீடுதான் கொள்ளும். புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். உங்கள் செல்லச் சொற்களை அதற்குள் அடக்கிக் கொடுங்கள்.

தணிகாசலம்:
அம்மா, 'உடைப்பு' என்ற சொல் கையிலிருக்க ஏன் தேடுகிறீர்கள்? குளம் உடைப்பெடுத்தது என்கிறோம். தேங்கிய நீர் கரையை முட்டி முட்டி ஒருநாள் வெளியேறுகிறது. விலையும் அப்படித்தான் என்றால் 'தடையுடைப்பு' பொருந்தும். ஆனால் எனக்கு ஒரு நெருடல். உடைப்பு அழிவுச் சொல். விலையேற்றம் நல்ல செய்தி அல்லவா? குளம் நிறைந்து கலிங்கின் வழியே வழிவதை நெல்லைப் பக்கம் 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். 'மறுகாலோட்டம்' என்று வைத்தால் மங்கலமாகவும் இருக்கும். இங்கே 'கால்' என்பது வாய்க்கால். காற்றுக்கும் கால் என்றே பெயர். ஓடுவதெல்லாம் கால். தடு, தடை, தடம் ஆகியவற்றின் வேரைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கவிதா:
அய்யா, தனியே எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் என் வணிகவியல் மாணவர்களிடம் 'மறுகாலோட்டம்' என்றால் காலில் அடிபட்டவர் நடப்பதாகத்தான் நினைப்பார்கள். அவர்கள் வாயில் 'பிரேக்அவுட்' சர்வசாதாரணமாக வருகிறது. அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டால் என்ன?

ஜெகன்:
கொழும்பில் வணிகக் கல்வி படித்தவன் நான். அங்கே டர்னோவரைப் 'புரள்வு' என்போம். வால்யூமுக்கும் அதையே வைக்கலாமே? ஃபால்ஸ் பிரேக்அவுட் என்றால் புரள்வு குறைந்த பிரேக்அவுட், அவ்வளவுதான். ஆகவே 'குறைபுரள் உடைப்பு' என்று சொன்னால் விளக்கமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

ரகு:
ஜெகன், பாதி சரி. இந்தப் பாதியை நம்பித்தான் பலர் பணம் விடுகிறார்கள்.

முதலில் புரள்வு. அது ரூபாய்க் கணக்கு. வால்யூம் பங்குகளின் எண்ணிக்கை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். நான் 100 பங்கு விற்று நீங்கள் 100 வாங்கினால் வால்யூம் 100தான், 200 இல்லை. 'வால்யூம் கூடியது என்றால் வாங்குபவர்கள் கூடிவிட்டார்கள்' என்பது அதனால்தான் தவறு. வாங்கிய ஒவ்வொரு பங்கையும் யாரோ விற்றிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் 'கைமாற்றளவு' நல்ல சொல்.

இனி, குறைந்த வால்யூம் மட்டுமே பொய்க்கு அடையாளமா? கற்பனைப் பங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக 400க்கும் 440க்கும் நடுவே கிடக்கிறது. 440ஐத் தொட்ட ஒவ்வொரு முறையும் திரும்பியிருக்கிறது. 50 நாள் சராசரியில் தினம் 6 லட்சம் பங்கு கைமாறுகிறது.

ஒருநாள் 444இல் முடிகிறது. கைமாறியது 4 லட்சம். 440இல் வழக்கமாக விற்பவர்கள் அன்று வரவில்லை, வாங்கவும் பெரிய ஆள் இல்லை. ஆளில்லாத வாசலில் நுழைந்த கதைதான். மூன்றாம் நாள் 8 லட்சத்தோடு 431க்கு இறங்குகிறது. இது ஜெகன் சொல்லும் வகை.

சில வாரம் கழித்து 455 வரை ஏறுகிறது. 15 லட்சம் பங்கு, சராசரியைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் நாள் முடிவில் விலை 439. அன்றைய விலைப்போக்கைக் காட்டும் கேண்டிலில் மேலே நீண்ட வால். வால்யூம் அமோகம், பிரேக்அவுட் பொய். 440ஐத் தாண்டியதும் பாய்ந்து வாங்கியவர்களிடம், விற்கக் காத்திருந்த பெரிய கை மொத்தத்தையும் தள்ளிவிட்டது. குறைந்த வால்யூம் பொய்யைவிட இது மோசம். மேலே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அடுத்த முறை விலை 450க்கு வந்தால் 'விட்டால் போதும்' என்று அவர்களே விற்பார்கள்.

மூன்றாவது முறை 13 லட்சத்தோடு 452இல் முடிகிறது. அன்றைய உச்சம் 454. மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு நான்கு நாளில் 442 வரை இறங்குகிறது. அந்த நாட்களில் கைமாறியது மூன்று, நான்கு லட்சம்தான். விற்க அவசரப்படுபவர் இல்லை என்று பொருள். 440க்குக் கீழே முடியாமல் திரும்புகிறது. நான் நம்புவது இதைத்தான்.

ஆக, எத்தனை கைமாறியது என்பது சண்டையின் அளவைச் சொல்லும். யார் வென்றார்கள் என்பதை முடிவு விலைதான் சொல்லும். 'குறைபுரள்' என்று பெயரிலேயே பூட்டிவிட்டால் இரண்டாவது வகைக்கு எங்கே போவது?

பாஸ்கர்:
ரகு அண்ணா சொல்வதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. நான் வைத்திருந்த ஒரு சின்னப் பங்கு தடையைத் தாண்டிய நாளில் வால்யூம் வழக்கத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் ஐந்து நாள் தொடர்ந்து ஏறியது. வால்யூம் பார்த்திருந்தால் கோட்டைவிட்டிருப்பேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ரகு:
ஐந்து நாளும் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக் கிடந்ததா?

பாஸ்கர்:
ஆமாம், தினமும் 5 சதவீதம்.

ரகு:
அப்படியானால் அந்த வால்யூமைத் தராசில் வைக்கவே கூடாது. வாங்கக் கேட்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், விற்க ஆளில்லை. அந்த விலைக்கு மேல் போகச் சந்தை விதி விடாது. வியாபாரம் நடக்காததால்தான் எண் சிறியது. கைமாறியதைவிட, நிறைவேறாமல் நின்ற கொள்முதல் ஆணைகள்தான் அங்கே சேதி. பூட்டு திறக்கும் நாளில் வால்யூம் பெருகும், அன்றுதான் உண்மை தெரியும். சின்னப் பங்குகளில் நாலு பேர் சேர்ந்தே இப்படிப் பூட்ட முடியும், அதையும் மறக்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சந்தைக் குறியீட்டெண்களில் பங்குகளைச் சேர்த்து நீக்கும் நாளில், அந்தக் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் ஃபண்டுகள் சந்தை முடியும் நேரத்தில் வாங்கித் தீர வேண்டும். வால்யூம் மலைபோல எழும். சார்ட்டில் அது உறுதிப்பாடு போலத் தெரியும். அது விலையைப் பற்றிய யாருடைய கருத்தும் இல்லை, கடமைக்கு வாங்கியது.

மலர்விழி:
ரகு சார், செயலியில் 'வால்யூம் சராசரியைப் போல 2 மடங்கு' என்று அறிவிப்பு வருகிறது. அது காலை 10 மணிக்கே வந்துவிடுமாம். அப்போது எதோடு ஒப்பிடுகிறார்கள்?

ரகு:
நல்ல கேள்வி, அவர்களிடமே கேளுங்கள். 9:15க்குச் சந்தை திறந்ததும் முதல் அரைமணி எப்போதும் கூட்டம். நடுப்பகலில் தூங்கும். 3:30ஐ நெருங்கும்போது மறுபடி கூட்டம். 10 மணி வரையானதை அப்படியே நாள் முழுவதற்கும் பெருக்கிக் கணக்கிட்டால் எல்லாப் பங்கும் பிரேக்அவுட் போலத்தான் தெரியும். கடந்த நாட்களில் இதே 10 மணி வரை எவ்வளவு என்று ஒப்பிட்டால் நியாயம். எதுவானாலும் முடிவு விலை வருமுன் 'உறுதி' என்ற சொல்லை அறிவிப்பில் போடாதீர்கள்.

தணிகாசலம்:
ரகுவின் கடிதம் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. 'பொய் உடைப்பு', 'போலி உடைப்பு' இரண்டும் தவறு. போலி என்றால் பிறக்கும்போதே போலி. இவர் சொல்வதோ தாண்டிய பின் நிற்காமல் போனது. வானம் பொய்த்தது, மழை பொய்த்தது என்கிறோமே, மேகம் திரண்டது மெய், பெய்யாமல் போனதுதான் பொய்ப்பு. ஆகவே 'பொய்த்த உடைப்பு' என்க. இறந்தகாலப் பெயரெச்சம். நடந்து முடிந்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும் என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது.

ரகு:
அய்யா, இது அருமை. அதுவரை அதை 'உறுதிப்படாத உடைப்பு' என்று சொல்லி வைக்கலாம்.

தணிகாசலம்:
ஆனால் உடைப்பா, உடைவா என்பது தீரவில்லை. உடைத்தால் உடைப்பு, உடைந்தால் உடைவு. தடை தானாக விலகிய உங்கள் முதல் நாள் 'தடையுடைவு', வாங்குவோர் மோதி வென்ற மூன்றாம் நாள் 'தடையுடைப்பு' எனப் பிரிக்கலாம். குளம் தானே உடைந்தாலும் உடைப்பு என்றுதான் ஊரில் சொல்கிறோம் என்று யாராவது மடக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், அது வழக்கு, இது கலைச்சொல்.

கவிதா:
ஒரு எழுத்தில் இவ்வளவு பொருளை ஏற்றினால் தேர்வுத்தாளில் எழுத்துப்பிழை என்று நானே சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். 'தடையுடைப்பு' ஒன்றே போதும். முதல் முறை வரும் இடத்தில் பிரேக்அவுட் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

ஜெகன்:
புரள்வை விட்டுக்கொடுக்கிறேன். கைமாற்றளவு எனக்கு நீளம். 'அளவு' என்று மட்டும் போட்டால்?

மலர்விழி:
எண்ணிப் பார்த்தேன். வால்யூமும் துணைநிற்கும் வகைக்கு 'அளவுறுதி பெற்ற தடையுடைப்பு' என்றால் 26 குறியீடு, கொள்ளாது. 'பொய்த்த தடையுடைப்பு' 19. அறிவிப்பில் 'தடையுடைப்பு, அளவு 2.1×' என்று போட்டால் 22. விளக்கப் பக்கத்தில் 'கைமாற்றளவு' என்று முழுதாக வரும். கவிதா, ரகு சார், ஜெகன் மூவரும் சரி என்றதாக எடுத்துக்கொண்டு இன்று அனுப்பிவிடுகிறேன்.

தணிகாசலம்:
அனுப்புங்கள். என் மாற்றுக்கருத்து குழுப் பதிவில் இருக்கட்டும். 'உடைவு' வேண்டும், 'மறுகால்' அதைவிட வேண்டும்.

பாஸ்கர்:
ஒரு ஐயம். விலை கீழ்நோக்கி உடைந்தால்? 400க்குக் கீழே போனால் அங்கே தடை எது? அது ஆதரவு நிலை அல்லவா?

மலர்விழி:
அய்யோ. பட்டியலில் அதுவும் இருக்கிறது. 'ஆதரவு உடைப்பு' என்றால் அரசியல் கட்சிச் செய்தி மாதிரி இருக்கிறதே.

ரகு:
'ஆதரவு முறிவு' பாருங்கள். இன்னொன்று, கீழே போவதற்கு அதே 2 மடங்கு நிபந்தனையை அவர்கள் வைத்திருந்தால் தூக்கச் சொல்லுங்கள். ஏற வாங்குபவர் வேண்டும். இறங்க வாங்குபவர் விலகிக்கொண்டாலே போதும், சொற்ப கைமாற்றத்திலேயே வழுக்கிவிடும். அப்புறம் பயந்து எல்லோரும் விற்கும்போதுதான் வால்யூம் வரும், அதற்குள் விலை பாதி தூரம் போயிருக்கும்.

தணிகாசலம்:
முறிவு தன்வினை. உடைப்பு பிறவினை. மேலே பிறவினை, கீழே தன்வினை. இப்போது ரகுவே என் பக்கம் வந்துவிட்டார். பட்டியலைப் பூட்டிவிட்டார்களா?