அரை நிமிடச் சோதனையில் எரியும் அவசரகால விளக்கு 5 நிமிடத்தில் அணைகிறது, ஏன்?

பின்வரிசை: வணிக வளாகத்துக்குள் இருக்கும் திரையரங்கில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் அவசரகால விளக்குகளின் சோதனைப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பார்ப்பேன், எல்லாமே எரியும். நேற்று ஆண்டுச் சோதனைக்காகக் காலை 10 மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு 90 நிமிடம் தாங்க வேண்டும். இரண்டாம் அரங்கில் ஐந்து விளக்குகள் 5 நிமிடத்தில் அணைந்துவிட்டன. நிக்கல் காட்மியம் பேட்டரி, மாற்றிப் பத்து மாதம்தான் ஆகிறது. மீட்டரில் 3.9 வோல்ட் காட்டுகிறது. போலிச் சரக்கா?

பழைய மீட்டர்: நிக்கல் காட்மியத்துக்கு ஞாபகக் கோளாறு உண்டு. இரண்டு மூன்று முறை முழுவதும் வடியவிட்டு ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

இருட்டறை: எங்கள் அரங்கில் வெளியேறும் வழிப் பலகை படம் ஓடும்போது கண்ணைக் கூசுகிறது. கறுப்பு நாடா ஒட்டலாமா?

மூன்றாம் கம்பி: நாடா வேண்டவே வேண்டாம். இருட்டில் ஆள் உட்காரும் இடம் என்பதால்தான் அந்தப் பலகை எப்போதும் எரிய வேண்டும். திரைக்கு உறுத்தாத, அங்கீகாரம் பெற்ற வேறு பலகை மாற்றுங்கள்.

பின்வரிசை, 3.9 வோல்ட்டை நம்பாதீர்கள். சுமை இல்லாதபோது தேய்ந்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். அந்த ஐந்தும் ஒரே பிரேக்கரிலா இருக்கின்றன? இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் அதை யாராவது அணைக்கிறார்களா? துப்புரவுப் பணியாளரைக் கேளுங்கள், ஆளில்லாத அரங்கில் விளக்கு எரிவதை அவர்தான் பார்த்திருப்பார்.

பின்வரிசை: கேட்டேன். "தினமும்தான் எரிகிறது, நீங்கள் வைத்த இரவு விளக்கு என்று நினைத்தேன்" என்கிறார். நள்ளிரவு 1 மணிக்குப் பிரேக்கரை அணைத்து, காலை 9 மணிக்குப் போடுகிறார்கள்.

மூன்றாம் கம்பி: அப்படியானால் பிரேக்கரை அணைத்ததும் மின்தடை என்று எண்ணி விளக்கு எரிகிறது, பேட்டரி ஒவ்வோர் இரவும் முழுக்க வடிகிறது. பத்து மாதத்தில் ஏறக்குறைய 300 முறை. முழுதாக ஏற 24 மணி நேரம் வேண்டும்; உங்களிடம் கிடைப்பது 16. நேற்றோ ஒரு மணி நேரம் மட்டும் ஏறியதைச் சோதித்திருக்கிறீர்கள். பழைய மீட்டர் சொல்வது போல இன்னும் வடியவிட்டால் தேய்மானம்தான் கூடும். 24 மணி நேரம் பிரேக்கரைத் தொடாமல் விட்டு, மறுபடி பாருங்கள். சோதித்த பிறகும் அதே 24 மணி நேரம் தேவை, அதனால் மறுநாள் காட்சி இல்லாத இரவாகத் தேர்ந்தெடுங்கள்.

பழைய மீட்டர்: தினமும் வடிவதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பின்வரிசை: வார இறுதியில் சோதித்தேன். மூன்று விளக்குகள் 90 நிமிடத்தைத் தாண்டின. இரண்டு 70-ஐ ஒட்டி அணைந்தன. அவற்றுக்குப் புதுப் பேட்டரி. படிக்கட்டு விளக்குகளும் அதே பிரேக்கரில் இருந்ததால்தான் அணைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் அவசரகால விளக்குகளுக்கு இரவிலும் அணையாத இணைப்புக் கொடுக்கப்போகிறார். ஆனால் அணைந்த இரண்டும் ஏன் பின்கதவுப் பக்கமே இருக்கின்றன?

மூன்றாம் கம்பி: கூரைக்குள் கையை விட்டுப் பாருங்கள், அங்கே சூடு அதிகமா? சூடு பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். சூடு இல்லையென்றால் சார்ஜர் பலகையைத்தான் சந்தேகிப்பேன்.

பின்வரிசை: ஏணி நாளைதான் கிடைக்கும்.