காலைக் கூட்ட ஒலிப்பதிவைப் பணிகளாகவும் எச்சரிக்கைகளாகவும் பிரிக்கும் செயலுக்குக் கலைச்சொல்

சரவணன், பெஸ்தாரி ஜெயா

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில், வரிசை வீடுகள் கட்டும் தளம் ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். தள மேற்பார்வையாளர் தினமும் காலையில் எல்லாத் தொழிலாளர்களையும் நிறுத்தி ஏழெட்டு நிமிடம் பேசுகிறார். அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, எழுத்தாக்கி, ஒரு மொழிமாதிரியிடம் கொடுத்து, கம்பி கட்டுவோர், பலகை அடிப்போர், பள்ளம் வெட்டுவோர், குழாய் பதிப்போர் என ஒவ்வோர் அணிக்கும் உரிய வேலைகளையும் பாதுகாப்பு நினைவூட்டல்களையும் தனித்தனியாக வாட்சாப்பில் அனுப்புகிறோம். இந்தச் செயலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே என் கேள்வி. படிவத்தில் இப்போதைக்கு 'காலைக் கூட்டச் சுருக்கம்' என்று அச்சிட்டிருக்கிறேன். அச்சொல் எனக்கு நிறைவு தரவில்லை.

கலைவாணி, ஈப்போ

அன்புள்ள சரவணன், 'சுருக்கம்' என்பதில் குறை காண வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நீண்ட பேச்சு குறுகிய வரிகளாக வருகிறது. அதற்குச் சுருக்கம் என்ற சொல்லே போதும். பயன்பாட்டில் சிக்கல் எழுகிறதென்றால் அது பெரும்பாலும் எழுத்தாக்கத்தில்தான் இருக்கும். தமிழும் மலாயும் கலந்த பேச்சைக் கருவி சரியாகக் கேட்டுவிட்டால், பிறகு வருவதெல்லாம் சரியாகவே வரும். விஸ்பர் போன்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மொழியைக் குறிப்பிட்டுக் கொடுக்கிறீர்களா? குறிப்பிடாவிட்டால் அது முதல் 30 வினாடியைக் கேட்டே மொழியை முடிவு செய்துவிடும். உங்கள் மேற்பார்வையாளர் மலாயில் வணக்கம் சொல்லி வருகைப் பெயர்களைக் கூப்பிட்டுத் தொடங்குபவர் என்றால், அதற்குப் பின் வரும் தமிழ் முழுவதையும் அது மலாயாகவே எழுத முயலும்.

```
whisper kalai.m4a --language ta
```

இப்படிக் கொடுத்துப் பாருங்கள்.

முத்தையா, பெஸ்தாரி ஜெயா

தம்பி சரவணனுக்கு, இதற்குப் புதுச்சொல் எதற்கு? நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில் நான் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை சொல்வதற்குப் 'பெரட்டு' என்றுதான் பெயர். உங்கள் மேற்பார்வையாளர் நடத்துவதும் பெரட்டுதான்.

நாங்கள் செக்ரோலில் கங்காணி வாரியாக ஆட்களை எழுதி, யாருக்கு எந்த நிரை என்று குறித்துக்கொள்வோம். மருந்து அடிக்கும் நாளில் மட்டும் நடைமுறை மாறும். எந்தக் காட்டில் மருந்து அடிக்கிறார்கள் என்பதைப் பால்மரம் வெட்டுவோர், புல் வெட்டுவோர், மாடு மேய்க்கும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். மருந்துக்காரனுக்கு மட்டும் சொல்லி என்ன பயன்? அவன்தான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு போகிறானே.

சரவணன்

ஐயா, கூட்டத்துக்குப் 'பெரட்டு' என்ற பெயர் இருப்பது எனக்கும் தெரியும். அதைப் படிவத்தின் தலைப்பில் சேர்க்கலாம். நான் கேட்டது கூட்டத்தின் பெயரை அன்று. அதன் பதிவிலிருந்து வரிகளைப் பிரித்தெடுக்கும் செயலின் பெயரைத்தான் கேட்டேன்.

கலைவாணி அம்மா, மொழியைக் குறிப்பிட்டுத்தான் கொடுக்கிறோம். எழுத்தாக்கம் பெருமளவு சரியாகவே வருகிறது. ஆயினும், ஒரு நாள் மாலை மழை பெய்து, மறுநாள் காலை நடந்த கூட்டத்தின் ஒரு பகுதியைக் கீழே தருகிறேன். எழுத்தாக்கத்தில் பிழையே இல்லாத பகுதி இது:

"கம்பி ஆளுங்க மூணாவது பிளாக் தரை பீமை முடிச்சிடுங்க. பத்து மணிக்குக் கான்கிரீட் லாரி வரும், அதுக்குள்ள பலகை ஆளுங்க முட்டு எல்லாம் சரி பார்த்திடணும். இல்ல இல்ல, லாரி பதினொன்றரைக்கு. பள்ளம் வெட்டுறவங்க, பின்னால கான் ஓரம் மண்ணு இளகிக் கிடக்கு, நான் பார்த்துட்டு அப்புறம் இறங்கலாம். அதுவரைக்கும் அவங்களுக்குப் போய் உதவி பண்ணுங்க."

இதற்கு வந்த சுருக்கத்தில், பலகை அணிக்கு 'காலை 10 மணிக்குள் முட்டுகளைச் சரிபார்க்கவும்' என்றும், பள்ளம் வெட்டும் அணிக்கு 'கான் ஓரம் மண் இளகியுள்ளது, பார்த்து இறங்கவும்' என்றும், அதன் அடியில் 'கம்பி அணிக்கு உதவவும்' என்றும் இருந்தன.

தேவகி, கிள்ளான்

பாதுகாப்பு அதிகாரியாகப் பல தளங்களில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். சரவணன் காட்டியுள்ள மூன்று வரிகளும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் கலைச்சொல்லுக்கும் வழி பிறக்கும்.

லாரி நேரத்தில் நிகழ்ந்திருப்பது திருத்தத்தைத் தவறவிட்டது. பேச்சில் பின்னால் சொன்னது முன்னால் சொன்னதை அழிக்க வேண்டும். இங்கு முதலில் சொன்ன நேரம் வரியில் தங்கிவிட்டது. இதனால் பலகை அணி தேவையில்லாமல் அவசரப்படும். இதே பிழை மறுபக்கமாக நிகழ்ந்தால் இழப்பு பெரிது. லாரி வந்து நிற்கும்போது முட்டுகள் தயாராக இல்லையென்றால், கலவையை ஏற்றியதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும் என்பதால், சரிபார்ப்பைத்தான் யாரேனும் குறைப்பார்கள்.

பள்ளத்து வரி உயிர் சம்பந்தப்பட்டது. மேற்பார்வையாளர் விதித்தது ஒரு தடை. அது அவர் வந்து பார்வையிட்ட பிறகே நீங்கும். 'நான் பார்த்துட்டு அப்புறம் இறங்கலாம்' என்பதில் 'நான்' என்பதும் 'அப்புறம்' என்பதும் உதிர்ந்து 'பார்த்து இறங்கவும்' என்றானபோது, தடை போய் அனுமதி வந்துவிட்டது. தமிழில் 'பார்த்து' என்ற சொல் 'கவனமாக' என்றும் பொருள்படுவதால், வாசிக்கும் எவருக்கும் இதில் ஐயம் எழாது. ஒரு கன மீட்டர் மண் பொதுவாக ஒன்றரை டன் அளவுக்கு எடை கொண்டது. சரியும் மண்ணைக் கவனமாக இருந்து தடுக்க முடியாது. ஆகவே, எழுத்தாக்கம் சரியானால் எல்லாம் சரியாகும் என்று கலைவாணி சொன்னதை நான் பாதிதான் ஏற்பேன். இங்கே கேட்டது சரி, சுருக்கியதே தவறு.

இன்னொன்று யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன். சரவணன், அன்று குழாய் அணிக்கு என்ன வேலை?

சரவணன்

அதே பள்ளத்தில் இறங்கிக் குழாய் பதிப்பது. அது முந்திய நாளே சொல்லப்பட்டுவிட்டதால், காலையில் அவர்களிடம் 'நேத்து சொன்னதுதான்' என்று மட்டும் சொன்னார். அவர்களுக்குப் போன செய்தியில் மண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தேவகி

நான் அஞ்சியது அதைத்தான். கூட்டத்தில் நேரில் நின்றபோது குழாய் அணியினரும் அந்த எச்சரிக்கையைக் காதால் கேட்டிருப்பார்கள். பிரித்து அனுப்பியபோதுதான் அவர்கள் அதை இழந்தார்கள். வேலை ஆளைச் சார்ந்தது; ஆபத்தோ இடத்தையும் நேரத்தையும் சார்ந்தது. முத்தையா ஐயா மருந்தடித்த காட்டைப் பற்றிச் சொன்னது கேள்விக்கு விலகியதுபோல் தோன்றினாலும், இந்த வேறுபாட்டைத்தான் அவர் செக்ரோல் காலத்திலேயே கையாண்டிருக்கிறார்.

ஆகவே எனக்கு ஒரு சொல் போதாது. பணிகளுக்கு 'அணிவாரிப் பணிப்பட்டி' என்றும், எச்சரிக்கைகளுக்கு 'இடவாரி எச்சரிக்கை' என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. முதலாவது அந்தந்த அணிக்கு மட்டும் போகும். இரண்டாவது, அன்று அந்த இடத்தில் கால் வைக்கும் எல்லா அணிக்கும் போகும். 'சுருக்கம்' என்ற சொல் இந்த இரண்டில் எதற்கும் பொருந்தாது, ஏனெனில் இங்கே எதையும் குறைப்பது நோக்கம் அன்று.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் 'தலைக்கவசம் அணியவும்', 'போதிய நீர் அருந்தவும்' போன்ற வரிகள் மேற்பார்வையாளர் சொல்லாமலே வருகின்றனவா என்று பாருங்கள். இத்தகைய மாதிரிகள் பாதுகாப்பு என்ற தலைப்பைக் கண்டதும் பொதுவாக எழுதப்படுவதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். வரிகள் ஒவ்வொன்றும் தவறில்லைதான், ஆனால் தினமும் அவற்றையே படிப்பவர் நடுவிலுள்ள கான் ஓரத்து வரியையும் தாண்டிப் போய்விடுவார்.

சரவணன்

வருகின்றன, அம்மா. அன்றைய செய்தியிலும் தலைக்கவச வரிதான் முதலில் இருந்தது.

நேற்றுக் கட்டளையை மாற்றி அதே பதிவை மீண்டும் ஓட்டினேன். ஒவ்வொரு வரியின் முன்னும் அது பதிவில் எந்த நிமிடத்தில் சொல்லப்பட்டது என்பதைக் குறிக்கவும், நேரம் காட்ட முடியாத வரியை விட்டுவிடவும், தடைகளை 'கூடாது' என்று முடித்து, அந்தத் தடையை நீக்கக்கூடியவர் யார் என்பதையும் எழுதவும் கேட்டேன். அன்று எந்த அணி எங்கே இருக்கும் என்ற பட்டியலையும் முந்திய நாள் செய்தியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வந்ததில் ஒரு பகுதி இது:

```
[04:12] கான் ஓரப் பள்ளம்: யாரும் இறங்கக் கூடாது.
        நீக்குபவர்: மேற்பார்வையாளர், நேரில் பார்த்த பின்.
        பெறுவோர்: பள்ள அணி, குழாய் அணி
[04:20] "அவங்களுக்கு உதவி": எந்த அணிக்கு? கேட்கவும்.
```

தலைக்கவச வரி தானாகவே போய்விட்டது. லாரி நேரமும் பதினொன்றரை என்றே வந்தது. 'அவங்களுக்கு' என்பது கம்பி அணியையா பலகை அணியையா குறிக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, பலகை அணியைத்தான் சொன்னதாகச் சொன்னார். முதல் சுருக்கம் எந்தத் தயக்கமும் இல்லாமல் கம்பி அணி என்று எழுதியிருந்தது.

நேரக் குறிப்பு இருப்பதாலேயே வரி சரியாகிவிடாது என்பதையும் கண்டேன். மின்னாக்கி இரைச்சலில் பேச்சு நின்ற இடத்தில் எழுத்தாக்கமே ஒரு வாக்கியத்தைக் கற்பித்து எழுதியிருந்தது. அதற்கும் நேரம் ஒழுங்காக விழுந்திருந்தது. ஆகவே தடை வரிகளை மட்டுமாவது, அனுப்புமுன் ஒருவர் அந்த நொடிக்குப் போய்க் காதால் கேட்கிறோம்.

இளமாறன், சுங்கை சிப்புட்

பொருளில் எனக்கு மறுப்பில்லை, சொல்லில் உண்டு. 'வாரி' தமிழ்ச்சொல் அன்று. 'ரயத்துவாரி' வந்த வழியில் வந்தது. 'அணிவழிப் பணிப்பட்டி', 'இடவழி எச்சரிக்கை' என்று சொன்னால் என்ன குறை?

கலைவாணி

'இடவழி' என்றால் இடத்துக்குப் போகும் வழி என்று படிப்பார்கள். 'வகுப்புவாரி', 'மாவட்டவாரி' என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்ட பிறகு 'வாரி'யை விலக்குவது கடினம். 'சுருக்கம்' பற்றி நான் சொன்னதைத் தேவகியின் விளக்கத்துக்குப் பிறகு வற்புறுத்த மாட்டேன். ஆனால் 'அணி' என்பதைத் தளத்தில் யாராவது சொல்கிறார்களா?

சரவணன்

வாயால் 'கேங்' என்றுதான் சொல்கிறார்கள். அதை அச்சிட எனக்கு மனமில்லை. நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குக் காவல்நிலையத்தில் வேறு பொருள் இருக்கிறது. 'அணி' என்று எழுதியதைப் பார்த்து இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

முத்தையா

எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பில் பெரட்டு இருக்கட்டும். பெரட்டில் சொன்னதைக் கிராணி தவறாக எழுதினால் கங்காணி வந்து சண்டை போடுவான். உங்கள் செய்தி தவறாகப் போனால், இந்தோனேசியத் தொழிலாளி யாரிடம் வந்து கேட்பான்?

சரவணன்

ஐயா, இப்போது செய்தியின் அடியில் மேற்பார்வையாளரின் எண்ணைச் சேர்த்திருக்கிறோம். இந்தோனேசிய அணிக்கு மலாயிலும், வங்காள அணிக்கு வங்காளத்திலும் தடை வரிகள் போகின்றன. மலாய் வரியை நாங்களே படித்துச் சரிபார்க்கிறோம். வங்காள வரியைப் படிக்க அலுவலகத்தில் ஆள் இல்லாததால், அந்த அணித்தலைவரை அழைத்து, வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லி, 'இறங்கக் கூடாது' என்று அவர் வாயால் வந்த பிறகே அனுப்புகிறோம்.

அடுத்த படிவத்தில் 'பெரட்டு: அணிவாரிப் பணிப்பட்டி, இடவாரி எச்சரிக்கை' என்று அச்சிடுகிறேன். இளமாறனின் மறுப்பு நிலுவையில் இருக்கட்டும். யாருக்கு என்று தெளியாமல் நிற்கும் 'அவங்களுக்கு உதவி' போன்ற வரிகளுக்கு மூன்றாவதாக ஒரு தலைப்பு தேவைப்படுகிறது. 'ஐயவரி' என்று எழுதிப் பார்த்தேன். வரி கட்டச் சொல்கிறார்களோ என்று பலகை அணித்தலைவர் கேட்டார். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.