ஆர்ஓஏ இருந்தும் கடத்தப்பட்ட /24 Valid என்றே காட்டுகிறது, உதவி தேவை

கோவையில் சிறிய இணையச் சேவை வலையமைப்பு. எம்எக்ஸ்204 ரவுட்டர், இரண்டு அப்ஸ்ட்ரீம். நேற்று மாலை 4 மணியிலிருந்து எங்கள் /22-க்குள் ஒரு /24-க்கு வரும் டிராஃபிக் ஏறக்குறைய நின்றுவிட்டது. வெளி லுக்கிங் கிளாஸில் தெரிவது இது (எண்களை மாற்றியிருக்கிறேன்):

```
198.18.2.0/24  path 64505 64511 64500  Valid
ROA 198.18.0.0/22  maxLength 24  AS64500
```

64500 நாங்கள். 64511 யாரென்றே தெரியாது. எங்கள் எண்ணைக் கடைசியில் ஒட்டி அறிவிக்கிறது. நாங்கள் /22 மட்டும் அறிவிப்பதால் அந்த /24 எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது. maxLength-ஐ 24 என்று தளர்வாக விட்டிருந்ததால் மூலச் சரிபார்ப்பும் அதை ஏற்றுக்கொள்கிறது. பாதையில் எங்கள் எண்ணே இருப்பதால் எங்கள் ரவுட்டர் லூப் என்று ஒதுக்கிவிடுகிறது, இங்கிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

நாங்களும் அதே /24-ஐ அறிவித்தோம். எங்கள் பாதை குறுகியது என்பதால் பெரும்பகுதி டிராஃபிக் திரும்பியது. 64511-இன் வாடிக்கையாளர்கள் பக்கம் இன்னும் வரவில்லை. அவர்களுக்கும் அவர்களின் அப்ஸ்ட்ரீமுக்கும் மெயில் போட்டோம், பதில் இல்லை.

maxLength-ஐ 22 ஆக்கினால் போலி Invalid ஆகும், சரிபார்க்கும் வலையமைப்புகள் அதைக் கைவிடும். ஆனால் நாங்கள் அறிவிக்கும் /24-உம் அதோடு போய்விடும். டிடாஸ் வந்தால் வடிகட்டும் நிறுவனம் தன் எண்ணில் /24 அறிவிக்க வேண்டும். அதற்கான ஆர்ஓஏவை இப்போதே போட்டுவைத்தால் அந்த எண்ணை ஒட்டி இதே போலியைச் செய்யலாம்.

தாக்குதல் வந்தபிறகுதான் /24 ஆர்ஓஏ போடுபவர்களே, அப்ஸ்ட்ரீம்களில் அது Valid ஆக உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆனது?