ஐகன் மதிப்பு -1: ஒரு நிரூபணத்துக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சதுரம் ஒன்றின் முனைகளில், ஒவ்வோர் அடியிலும் பக்கத்து முனைகள் இரண்டில் ஒன்றுக்குச் சம வாய்ப்புடன் நகரும் மார்கோவ் சங்கிலியைப் படித்து வருகிறேன். முதல் முனையில் தொடங்கினால், பரவல் (0, 1/2, 0, 1/2), (1/2, 0, 1/2, 0) என்று மாறி மாறி வருமே தவிர, (1/4, 1/4, 1/4, 1/4) என்ற நிலைத்த பரவலை நெருங்குவதே இல்லை. தொடக்கப் பரவலில் (1, -1, 1, -1) என்னும் ஐகன் திசையன் கால் மடங்கு கலந்திருக்கிறது. அதன் ஐகன் மதிப்பு -1 ஆதலால், அடிதோறும் அதன் குறி மட்டுமே மாறுகிறது, அளவு தேய்வதில்லை. இது எனக்குத் தெளிவாகப் புரிகிறது.

மூன்று நிலைகளை ஒரே திசையில் சுற்றும் சங்கிலியும் நிலைகொள்வதில்லை. ஆனால் அங்கே -1 வருவதில்லை. எனவே -1 இரட்டைப்படைக் காலமுறைக்கே உரியது என்று கருதுகிறேன். பகுக்கவியலாத முடிவுறு சங்கிலிக்கு இதை, Pv = -v என்பதில் |v| உச்சமாகும் நிலையிலிருந்து தொடங்கி எவ்வாறு நிறுவுவது என்று யாரேனும் விளக்க இயலுமா?