தவில் ரிக்கும் பழைய லேப்டாப்பும்: ப்ராக்ஸி, கேஷ் வச்சு ஓட்டுன அனுபவம் சொல்லுங்க

கும்மோணம் அனிமேட்டர்

தவில் வாசிக்கிற கேரக்டர் ஒண்ணு, ப்ளெண்டர்ல. ரிக் வெளிலேர்ந்து வந்தது, ரிகிஃபை தான், உடம்பு தனி வேட்டி தனி துண்டு தனி. உடம்பு மட்டும் சுமார் 60,000 ஃபேஸ், அதுமேல சப்டிவிஷன் 2, அப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒன்பதரை லட்சம் ஃபேஸுக்கு மேல புதுசா கணக்கு போடணும். என்கிட்ட இருக்கறது நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், தனி கார்டு கிடையாது. ப்ளே குடுத்தா மேல மூலைல எஃப்பிஎஸ் சிவப்பா 3, 4னு நிக்கும், மணிக்கட்டை புடிச்சு இழுத்தா கை கொஞ்ச நேரம் கழிச்சு தான் வரும்.

ப்ராக்ஸி பண்ணேன். எல்லாருக்கும் தெரிஞ்சது தான், மெஷ்ஷ காப்பி எடுத்து டெசிமேட் போட்டு எலும்பு வாரியா வெட்டி ஒவ்வொரு துண்டையும் அந்தந்த DEF எலும்புக்கு பேரண்ட் பண்ணிட்டு, ஒரிஜினல மானிட்டர் ஐகான் போட்டு அணைச்சுட்டேன். 24 எஃப்பிஎஸ் அப்படியே நின்னுது. ரெண்டு கையும் சொன்ன பேச்சு கேட்டுச்சு, வாசிப்பு முழுக்க அதுலயே கீ போட்டேன்.

எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது அடுத்து நடந்தது தான். ஒரிஜினல் மெஷ்ஷ திரும்ப ஆன் பண்ணி ஒரு அடி விழுற ஃப்ரேம்ல நிறுத்திப் பாத்தா, வலது கை விரல்ல மாட்டிருக்கிற கூடு தவில் தோலுக்குள்ள ஒரு நெல்லு கனத்துக்கு புதைஞ்சு நிக்குது. எல்லா அடியும் அப்படித்தான். டெசிமேட் போட்டா உருண்டையா இருக்கற விரல் மூணு பட்டை, நாலு பட்டையா ஆயிடுது, பட்டையோட பரப்பு நிஜ விரலோட பரப்புக்கு உள்ளார தள்ளி இருக்கும்ல, அந்த ஒல்லி விரல் தவில் தோல தொடுற மாதிரி போஸ் வச்சா நிஜ விரல் உள்ள போகத்தான் செய்யும். இடது கைல கழி இருந்ததால அந்தப் பக்கம் பிரச்சனை இல்ல, கழி தனி ஆப்ஜெக்ட், அத நான் குறைக்கவே இல்ல. தவில் வாசிக்கிறவங்க பாத்தா மொத பார்வைலயே கண்டுபிடிச்சுடுவாங்க, இந்த ஊர்ல வாசிக்கிறவங்க இல்லாத தெரு எது. உங்களுக்கெல்லாம் இந்த மாதிரி தொடுற இடத்துல என்ன ஆச்சு?

தஞ்சாவூர் மாயா

அண்ணே இவ்ளோ வெட்டு குத்து எதுக்கு, மாயாவுல 2019லேர்ந்து கேஷ்டு ப்ளேபேக் இருக்கு, ஆன் பண்ணிட்டா டைம் ஸ்லைடர் கீழ நீலக் கோடு ஓடும், கோடு ரொம்புனதும் எவ்ளோ கனமான ரிக்கா இருந்தாலும் ரியல் டைம்ல ஓடும். நான் ப்ராக்ஸியே பண்றது கிடையாது. இவால்யுவேஷன் மோட் மட்டும் DGல இருக்கக் கூடாது, பேரலல்ல இருக்கணும்.

என் கதை இது தான். ஒரு நீளமான ஷாட், கிளையண்ட் ஸ்க்ரீன் ஷேர்ல இருக்காரு, நீலக் கோடு பாதில நின்னுடுச்சு. ராம் ரொம்பிடுச்சு. பாதி வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகுது, அந்த எடம் வந்ததும் தடதடன்னு இழுக்குது, அவரு நடிப்பே அங்க மாறுதுன்னு நெனச்சு டைமிங் நோட்ஸ் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு. டைமிங்ல ஒண்ணும் இல்ல சார், மெஷின் தான்னு புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ப்ளேபேக் ரேஞ்ச குறைச்சு வச்சுக்கறேன், ஷாட்ட ரெண்டு மூணா பிரிச்சு பாக்கறேன். அது போதும்.

மாயவரம் ரிக்கர்

தஞ்சாவூர் தம்பி, நீங்க சொல்றது பாக்கறதுக்கு சரி, புடிச்சு இழுக்கறதுக்கு சரி வராது. கேஷ்னா ஏற்கனவே கணக்கு போட்டு முடிச்சத எடுத்து காட்டுறது. நீங்க ஒரு கீய மாத்துன உடனே அந்த கீ பாதிக்கிற ஃப்ரேமெல்லாம் கேஷ்லேர்ந்து போயிடும், திரும்ப ரிக்க ஓட விட்டுத் தான் நிரப்பணும். கன்ட்ரோல கையில புடிச்சிருக்கற நேரத்துல கேஷால ஒரு ப்ரயோஜனமும் இல்ல. கும்மோணத்தாருக்கு வந்த தொந்தரவு ரெண்டு, இழுத்தா லேட்டா வருதுங்கறது ஒண்ணு, ப்ளே ஓடலங்கறது இன்னொண்ணு. மொதலாவதுக்கு ப்ராக்ஸி தான் வழி. கேஷ் ரெண்டாவதுக்கு மட்டும் தான் உதவும்.

இப்ப கும்மோணத்தாருக்கு. டெசிமேட்டே வேண்டாம் சார். ஆர்மேச்சர் மாடிஃபயர்ல செலவு எங்க ஆகுதுன்னா ஒவ்வொரு வெர்டெக்ஸையும் வெயிட் பாத்து நகத்துறதுல, அதுமேல சப்டிவிஷன் திரும்பத் திரும்ப போடுறதுல. எலும்புக்கு பேரண்ட் பண்ண துண்டுல வெர்டெக்ஸ் எதுவும் நகரல, துண்டு மொத்தமா ஒரு மேட்ரிக்ஸ்ல போகுது. அதனால அந்தத் துண்டுல 200 ஃபேஸ் இருந்தாலும் 5,000 இருந்தாலும் சிபியுக்கு ஒண்ணு தான். வரையறது மட்டும் கார்டோட வேலை, 60,000 ஃபேஸ சாலிட் மோடுல வரைய உங்க ஆன்போர்டு கிராஃபிக்ஸே போதும். சப்டிவிஷன கழட்டிட்டு ஒரிஜினல் மெஷ்ஷ அப்படியே வெட்டுங்க, விரல் அதே கனத்துல இருக்கும். சப்டிவிஷனும் கொஞ்சம் உள்ளார இழுக்கும் தான், ஆனா உங்களுக்கு வந்த அளவுக்கு இருக்காது.

வெட்டறப்ப வெர்டெக்ஸ் குரூப்ப செலக்ட் பண்ணி, ஒரு வரிசை கூட சேத்து எடுங்க. மூட்டுல துண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும், இல்லாட்டி முழங்கை மடங்கும்போது நடுவுல ஓட்டை தெரியும். துண்டுக்கு PRX-forearm.L மாதிரி பேரு வச்சுட்டு, ரிக்க ரெஸ்ட் பொசிஷன்ல வச்சு, துண்டையெல்லாம் செலக்ட் பண்ணி இத ஓட்டுங்க, "rig"ங்கற எடத்துல உங்க ரிக் பேர போட்டுக்கங்க. நான் வருஷக்கணக்கா இதத்தான் வச்சிருக்கேன்:

```python
import bpy
rig = bpy.data.objects["rig"]
for o in bpy.context.selected_objects:
    b = o.name.replace("PRX-", "DEF-")
    if o.type == 'MESH' and b in rig.pose.bones:
        o.modifiers.clear()
        m = o.matrix_world.copy()
        o.parent = rig
        o.parent_type = 'BONE'
        o.parent_bone = b
        bpy.context.view_layer.update()
        o.matrix_world = m
```

இன்னொண்ணு, இதுக்காகத்தான் நான் இங்க எழுதவே வந்தேன். ப்ராக்ஸி வெட்டுறதுக்கு முன்னாடி எல்லா மெஷ்ஷையும் அணைச்சுட்டு வெறும் எலும்ப மட்டும் ப்ளே பண்ணிப் பாருங்க. ஒரு பையன் என்கிட்ட ஒரு ரிக் கொண்டாந்தான், மெஷ்ஷோட 9 எஃப்பிஎஸ், ராத்திரி முழுக்க உக்காந்து ப்ராக்ஸி வெட்டிருக்கான், அதுக்கப்புறம் 11. அவ்ளோ தான் ஏறுச்சு. அவன் மூஞ்ச பாக்க முடியல. மெஷ் எதுவுமே இல்லாம ஓட்டுனாலும் 11 தான் வருது, அப்ப கனம் மெஷ்ல இல்ல. முகத்துல நூத்துக்கணக்குல ட்ரைவர், ஒவ்வொண்ணுலயும் ரிக் பண்ணவரு எழுதுன பைதான் ஃபங்ஷன். ப்ளெண்டர் 2.80லேர்ந்து `var * 0.5` மாதிரி சாதா கணக்கா இருந்தா பைதானுக்கு போகாமலே முடிச்சுடும், சொந்த ஃபங்ஷன கூப்புட்டா ஒவ்வொண்ணுக்கும் பைதான எழுப்பியாகணும். அதையெல்லாம் சாதா கணக்கா மாத்துன பிறகு தான் ரிக் ஓடுச்சு, அவன் வெட்டுன ப்ராக்ஸிக்கும் அப்ப தான் பலன் கெடச்சது.

திருவாரூர் 3டி

ப்ராக்ஸின்னா லிங்க் பண்ண ரிக்க செலக்ட் பண்ணி மேக் ப்ராக்ஸி குடுப்போமே அது தானே? நான் அப்படித்தான் பழகினேன், புது வெர்ஷன்ல அந்த மெனுவே காணோம். ஒரு பழைய ஃபைல தொறந்ததும் ரிக் அசையுது ஆனா அவுட்லைனர்ல எல்லாம் வேற மாதிரி இருக்கு, பக்குன்னு ஆயிடுச்சு, ராத்திரி டெலிவரி வேற. எல்லாரும் இங்க ப்ராக்ஸி ப்ராக்ஸிங்கறீங்க, அந்த மெனு எங்கன்னு யாராச்சும் சொல்லுங்க.

மாயவரம் ரிக்கர்

அது வேற தம்பி. நீங்க சொல்றத 3.0லயே நிறுத்திட்டாங்க, இப்ப லைப்ரரி ஓவர்ரைடு தான், பழைய ஃபைல தொறந்தா அதுவா மாத்திக்கும், அவுட்லைனர் மாறித் தெரிஞ்சது அதான். வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

நாகை ஃப்ரீலான்ஸ்

ப்ளெண்டர்ல மாயா மாதிரி தானா நிரம்புற கேஷ் இல்ல, நாமளா எழுதணும். எனக்கு ஊர்வலம் ஷாட், முன்னாடி ரெண்டு பேரு பின்னாடி ஆறு பேரு. பின்னாடி ஆளுங்களோட அனிமேஷன் ஓகே ஆனதும் ஒவ்வொருத்தரையும் MDD கேஷ் ஃபைலா எழுதிட்டு, ரிக் இல்லாத ஒரு மெஷ் காப்பில மெஷ் கேஷ் மாடிஃபயர் போட்டு ஓட்டுனேன். எழுதறப்ப சப்டிவிஷன அணைச்சு வச்சுடணும். ஒரு வெர்டெக்ஸுக்கு 12 பைட், 60,000 வெர்டெக்ஸ்னா ஃப்ரேமுக்கு 0.72 எம்பி, 10 செகண்ட் ஷாட்டுக்கு 240 ஃப்ரேம், ஒரு ஆளுக்கு 173 எம்பி கிட்ட. சப்டிவிஷன் ஒரு லெவல் சேந்து எழுதிட்டா இது நாலு மடங்கு ஆயிடும், பழைய ஹார்ட் டிஸ்க் திணறும். வெர்டெக்ஸ் எண்ணிக்கையும் வரிசையும் மாறவே கூடாது, மாறுனா மாடிஃபயர் சிவப்பா கத்தும் இல்ல மாடல் கந்தலாயிடும். ஆள் படுத்த மாதிரி வந்தா Forward Axis, Up Axis மாத்துனா எந்திரிச்சு நிக்கும். 4.2லேர்ந்து அந்த MDD ஆட்ஆன் கூடவே வராது, எக்ஸ்டென்ஷன்ல தேடி போடணும்.

மெஷ்ஷ மட்டும் கேஷ் பண்ணா பத்தாது, அந்த ஆளோட ஆர்மேச்சரையும் மானிட்டர் ஐகான்ல அணைக்கணும். இல்லாட்டி யாரும் பாக்காத எலும்பு உள்ளார ஓடிக்கிட்டே இருக்கும்.

என்னைய உறுத்துறது ஒரு நிமிஷம். டைரக்டர் பக்கத்துல உக்காந்துகிட்டு அந்த மூணாவது ஆள் 12 ஃப்ரேம் தள்ளி கெளம்பட்டும்னாரு. கீய தள்ளுனா ஒண்ணும் அசையல, கேஷ் தானே ஓடுது. மாடிஃபயர்ல Frame Startல 12 போட்டேன், ஆள் அப்படியே லேட்டா கெளம்புனாரு, ரிக்க தொடவே இல்ல. அடுத்த நொடி அவரு, அப்படியே அந்தாளு தலைய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புன்னாரு. அதுக்கு திரும்ப ரிக்க ஆன் பண்ணி, மாத்தி, எழுதி... அவரு டீ குடிச்சுட்டு வந்தாரு. கேஷ் பண்ணது பூட்டு போட்ட மாதிரின்னு மொதல்லயே சொல்லி வச்சுடணும்.

மன்னார்குடி சர்வீஸ்

நான் அனிமேஷன் இல்ல, லேப்டாப் சர்வீஸ், தம்பி அனிமேஷன் படிக்கிறான், அவன் மெஷின்ல காலைல 20 எஃப்பிஎஸ் ஓடுன அதே ஃபைல் மத்தியானம் 8க்கு வந்துடும், ரிக்கயே குறை சொல்லிக்கிட்டு கெடந்தான். தொறந்து பாத்தா ஃபேன் வாய் முழுக்க தூசி, அறுவடை நேரத்துல நம்ம பக்கம் பறக்கற வைக்கோல் தூசி அப்படியே அடைச்சுக்கும். சூடானா ப்ராசஸர் தானா வேகத்த குறைச்சுக்கும், அத ப்ராக்ஸி வெட்டி சரி பண்ண முடியாது. ஒரே ஃபைல் ஒரே ஃப்ரேம் ரேஞ்ச், மெஷின் ஆன் பண்ண உடனே ஒரு தடவ, அரை மணி கழிச்சு ஒரு தடவ எஃப்பிஎஸ் எழுதி வச்சுக்கங்க, ரொம்ப வித்தியாசம் இருந்தா சூடு தான். தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும், மாத்துங்க. மெத்தை மேல வச்சு வேலை பாக்காதீங்க. ராம் ஒரே குச்சியா 8 இருந்தா இன்னொரு 8 போடுங்க, ஆன்போர்டு கிராஃபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்குது, ரெண்டு குச்சி இருந்தா அதுக்கும் வேகம் கூடும். ஹார்ட் டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி போட்டா நாகைக்காரர் சொல்ற கேஷ் ஃபைல் பாதி பிரச்சனை போயிடும். கரண்ட் போனா சில லேப்டாப் பேட்டரில வேகத்த குறைச்சுக்கும், பவர் செட்டிங்ஸையும் பாத்துக்கங்க.

கும்மோணம் அனிமேட்டர்

மாயவரத்தார் சொன்ன மாதிரி டெசிமேட் இல்லாம வெட்டிப் பாத்தேன், எஃப்பிஎஸ் இறங்கவே இல்ல, 24லயே நிக்குது, விரல் கூடு தோல் மேல சரியா உக்காருது. மெஷ் இல்லாம எலும்ப மட்டும் ஓட்டிப் பாத்தேன், 24 வந்துச்சு, அப்ப என் ரிக்ல ட்ரைவர் பிரச்சனை இல்ல.

இன்னும் ஒண்ணு பிடிபடல. முன்கைல ரிகிஃபையோட வளையற எலும்பு இருக்கு, வேகமா அடிக்கும்போது லேசா வளைய விட்ருக்கேன். ப்ராக்ஸி துண்டு நேரா கட்டையாட்டம் நிக்குது, வளைவு தெரிய மாட்டேங்குது. அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ஆர்மேச்சர் மாடிஃபயர் வச்சுக்கலாமா?

மாயவரம் ரிக்கர்

வச்சுக்கலாம், சப்டிவிஷன் இல்லாம அந்த ஒரு முன்கை மட்டும்னா உங்க மெஷின் தாங்கும். நான் பண்றது, அந்த எலும்பு இருக்கற ரெண்டு முன்கைக்கும் மாடிஃபயர், மத்ததெல்லாம் பேரண்ட்.

தஞ்சாவூர் மாயா

அதுக்கு கேஷ்டு ப்ளேபேக்கே தேவலன்னு தான் நான் இன்னமும் சொல்லுவேன்.