புதுப்பிப்பு: பிட்காயின், நாஸ்டாக், டாலர் கோரிலேஷன்

“அமெரிக்காவின் பணவீக்க அறிக்கையான CPI வர்றதுக்கு முன்னாடி பிட்காயினையும் நாஸ்டாக்கையும் ஒப்பிட்டேன், 0.1தான் வருது. தொடர்பே இல்லையா?”

ஷீட்டைப் பார்த்தாச்சு. பிட்காயினுக்கு வாரம் ஏழு வரி, நாஸ்டாக்குக்கு ஐந்து. தேதி பார்க்காமல் பக்கத்தில் ஒட்டியதால் காயினின் சனிக்கிழமை, நாஸ்டாக்கின் திங்களோடு ஜோடி சேர்ந்துவிட்டது.

வார இறுதியை நீக்கச் சொன்ன அண்ணன் சொன்னது பாதி சரி. மாற்றத்தைக் கணக்கிட்ட பிறகு நீக்கினால் சனி, ஞாயிறு நகர்வு தொலைந்துபோகும். முதலில் விலை வரிகளை நீக்குங்க, பிறகு கணக்கிடுங்க.

அடுத்தது நேரம். பிட்காயினின் UTC தினசரி கேண்டில் சிங்கப்பூரில் நமக்குக் காலை 8 மணிக்கு முடியும். நியூயார்க் சந்தை கோடையில் அதிகாலை 4, குளிர்காலத்தில் 5 மணிக்கே மூடிடும். அதனால் மணிநேர டேட்டாவில் நியூயார்க் மூடும் நேரத்து பிட்காயின் விலையை எடுங்க. B பத்தியில் பிட்காயின் விலை, C-யில் நாஸ்டாக்; E3, F3-ஐ 32ஆம் வரி வரை இழுத்துவிடுங்க.

```
E3: =LN(B3/B2)
F3: =LN(C3/C2)
=CORREL(E3:E32,F3:F32)
```

LN வேண்டாம், நேரடி விலையிலேயே 0.9 வருதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். இரண்டும் ஏறுமுகமா இருந்தா எதுக்கும் எதுக்கும் அப்படித்தான் வரும்.

டாலருக்கு USD/SGD போதுமான்னு கேட்ட அக்காவுக்கு: போதாது. நம்ம மத்திய வங்கியான MAS சிங்கப்பூர் வெள்ளியை ஒரு நாணயக் கூடைக்கு எதிரா நிர்வகிக்கிறதால அசைவு அடங்கியிருக்கும். டாலர் குறியீடான DXY பாருங்க, ஆனா அதில் 57.6% யூரோதான்.

30 நாளில் 0.4 வந்தாலும் உண்மை மதிப்பு 0.05 முதல் 0.66 வரை எங்கேயும் இருக்கலாம். 90 நாள் எடுத்தா இந்த இடைவெளி குறையும், ஆனா பழைய சூழலும் கலந்துவிடும். எது மேல்னு இங்கே இன்னும் வாதம் முடியலை.